நிஃப்டி உச்சம் தொட்ட நாளில் எத்தனை பங்குகள் ஏறின?

2018 ஆகஸ்ட் 28 அன்று நிஃப்டி 11,738 புள்ளிகளில் முடிந்தது. அதுவரை அந்தக் குறியீடு கண்டிராத உயரம் அது. அதற்குச் சில நாட்கள் முன்புதான் ரிலையன்ஸ் நிறுவனத்தின் சந்தை மதிப்பு 8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. அந்த அளவைத் தொட்ட முதல் இந்திய நிறுவனம் அது. தொலைக்காட்சிகளில் கொண்டாட்டம், நாளிதழ்களில் முதல் பக்கச் செய்தி. அதே நாட்களில் சிறு, நடுத்தர நிறுவனப் பங்குகளை வைத்திருந்த லட்சக்கணக்கான முதலீட்டாளர்கள் டீமேட் கணக்கைத் திறந்து பார்த்துக் குழம்பிப்போனார்கள். சந்தை உச்சத்தில் இருக்கிறது என்கிறார்கள். கையில் இருக்கும் பங்குகளோ ஜனவரி விலையைவிடக் கீழே கிடக்கின்றன. எங்கே தப்பு நடந்தது?

தப்பு எதுவும் நடக்கவில்லை. இரண்டுமே உண்மைதான். சந்தை என்று நாம் சொல்வது ஒன்று, குறியீடு என்பது இன்னொன்று. ஓர் ஏற்றம் சந்தை முழுக்கப் பரவியிருக்கிறதா, ஒரு சில பங்குகளின் தோளில் நிற்கிறதா என்பதைக் குறியீட்டின் எண் சொல்லாது. அதற்கு வேறு இரண்டு கணக்குகளைப் பார்க்க வேண்டும். தினமும் எத்தனை பங்குகள் ஏறின, எத்தனை இறங்கின என்பது ஒன்று. பணம் எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்கு நகர்கிறது என்பது மற்றொன்று. 2018-ஆம் ஆண்டு இந்த இரண்டையும் படித்துக்கொள்வதற்கு மிகப் பொருத்தமான ஆண்டு.

முதலில் குறியீடு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்த்துவிடலாம். நிஃப்டியில் 50 பங்குகள் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை கிடையாது. பொதுச் சந்தையில் புழங்கும் பங்குகளின் மொத்த மதிப்பு எந்த நிறுவனத்துக்கு அதிகமோ, குறியீட்டில் அதன் எடையும் அதிகம். முதல் பத்து நிறுவனங்களே பாதிக்கும் மேற்பட்ட எடையைப் பிடித்துக்கொள்கின்றன.

ஒரு கற்பனைக் கணக்கு. குறியீடு 10,000 புள்ளிகளில் இருக்கிறது. மிகப் பெரிய ஐந்து பங்குகளுக்குச் சேர்த்து 40 சதவீத எடை, மீதி 45 பங்குகளுக்கு 60 சதவீத எடை. ஒரு நாள் அந்த ஐந்தும் தலா 2 சதவீதம் ஏறுகின்றன. மற்ற 45-உம் தலா அரை சதவீதம் இறங்குகின்றன. ஐந்து பங்குகளால் குறியீட்டுக்கு 80 புள்ளிகள் வரவு. 45 பங்குகளால் 30 புள்ளிகள் செலவு. அன்று மாலை 'சந்தை 50 புள்ளிகள் உயர்ந்தது' என்று செய்தி வரும். ஐம்பதில் நாற்பத்தைந்து பங்குகள் சரிந்த நாள் அது.

நிஃப்டிக்கு வெளியே தேசியப் பங்குச் சந்தையில் தினமும் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகள் கைமாறுகின்றன என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால், குறியீடு காட்டும் படம் எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

இந்த இடத்தில்தான் ஏற்ற இறக்க எண்ணிக்கை வருகிறது. சந்தைக்காரர்கள் இதை அட்வான்ஸ் டிக்லைன் என்பார்கள். வேலை மிக எளிது. முந்தைய நாள் விலையைவிட மேலே முடிந்த பங்குகளை எண்ண வேண்டும். கீழே முடிந்தவற்றை எண்ண வேண்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்க வேண்டும். இங்கே பெரிய நிறுவனம், சிறிய நிறுவனம் என்ற பேதம் இல்லை. ரிலையன்ஸுக்கும் ஒரு வாக்கு, திருப்பூரின் ஒரு சிறு ஜவுளி நிறுவனத்துக்கும் ஒரு வாக்கு. அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் டிரஸ்ட் நிறுவனத்தின் பொருளாதார அறிஞர் லியோனார்ட் ஏய்ரஸ் 1920-களிலேயே இப்படி எண்ணத் தொடங்கிவிட்டார். கணினி இல்லாத காலத்தில் நாளிதழ்ப் பட்டியலைப் பார்த்துக் கையால் செய்த கணக்கு இது.

ஒரு நாள் எண்ணிக்கையை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு நாளின் மிச்சத்தையும் முந்தைய கூட்டுத்தொகையோடு சேர்த்துக்கொண்டே போனால் ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோடு போகும் திசைதான் முக்கியம். ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காகச் சொல்பவை. மொத்தம் 2,000 பங்குகள். திங்களன்று 1,150 ஏறி 850 இறங்கினால் மிச்சம் கூட்டல் 300. செவ்வாயன்று 980 ஏறி 1,020 இறங்கினால் கழித்தல் 40. புதனன்று 700-க்கு 1,300, கழித்தல் 600. வியாழனன்று 940-க்கு 1,060, கழித்தல் 120. வெள்ளியன்று 900-க்கு 1,100, கழித்தல் 200. வாரக் கணக்கு மொத்தம் கழித்தல் 660. இதே வாரத்தில் குறியீடு புதன் தவிர எல்லா நாளும் சிறிது சிறிதாக ஏறி, ஒன்றரை சதவீத லாபத்தில் முடிந்திருக்க முடியும். வியாழனையும் வெள்ளியையும் கவனியுங்கள். குறியீடு ஏறுகிறது, ஆனால் இறங்கிய பங்குகள்தான் அதிகம். இப்படி ஒரு வாரம் நடந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. இரண்டு மூன்று மாதங்கள் குறியீடு புதிய உச்சங்களை எட்டிக்கொண்டே இருக்க, இந்தக் கோடு மட்டும் தன் பழைய உச்சத்தை எட்ட முடியாமல் கீழே தங்கினால், அந்த ஏற்றம் குறுகிவிட்டது என்று பொருள்.

2018-இல் நடந்ததும் இதுவே. அந்த ஆண்டு ஜனவரி முதல் பாதியிலேயே மிட்கேப், ஸ்மால்கேப் குறியீடுகள் உச்சம் தொட்டுத் திரும்பிவிட்டன. நிஃப்டி மட்டும் மேலும் இரண்டு வாரம் ஏறி, ஜனவரி 29 அன்று 11,130-இல் முடிந்தது. சின்னப் பங்குகள் முதலில் களைத்துப்போயின; பெரிய பங்குகள் கொஞ்சம் தாமதமாக. பிப்ரவரி 2, பட்ஜெட்டுக்கு மறுநாள், சென்செக்ஸ் 840 புள்ளிகள் விழுந்தது. மார்ச் 23 அன்று நிஃப்டி 10,000-க்குக் கீழே முடிந்தது.

அதன்பிறகு தொடங்கிய ஏற்றம்தான் பலரை ஏமாற்றியது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை நிஃப்டி 17 சதவீதம் ஏறி, ஜனவரி உச்சத்தையும் 5 சதவீதம் கடந்தது. மிட்கேப் குறியீடு தன் ஜனவரி உச்சத்துக்குத் திரும்பவே இல்லை. ஸ்மால்கேப் குறியீடு அந்த உச்சத்திலிருந்து ஆறில் ஒரு பங்குக்கும் மேல் கீழே கிடந்தது. ரிலையன்ஸ், டி.சி.எஸ்., இந்துஸ்தான் யூனிலீவர் போன்ற சில பெயர்கள் குறியீட்டைத் தூக்கிப் பிடித்தன. ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தபோது நிஃப்டி 3 சதவீத லாபம். நிஃப்டி மிட்கேப் 100 ஏறத்தாழ 15 சதவீத நஷ்டம். நிஃப்டி ஸ்மால்கேப் 100 ஏறத்தாழ 29 சதவீத நஷ்டம். ஒரே நாடு, ஒரே பொருளாதாரம், ஒரே ஆண்டு.

ஏன் இப்படி ஆனது என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று செபியின் விதி மாற்றம். மியூச்சுவல் ஃபண்டுகளை வகைப்படுத்தி 2017 அக்டோபரில் செபி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்கள் லார்ஜ்கேப், 101 முதல் 250 வரை மிட்கேப், மீதியெல்லாம் ஸ்மால்கேப் என்று வரையறுத்தது. லார்ஜ்கேப் என்று பெயர் வைத்த திட்டம் குறைந்தது 80 சதவீதப் பணத்தை முதல் 100 நிறுவனங்களில்தான் போட வேண்டும். அதுவரை கூடுதல் லாபத்துக்காகச் சின்னப் பங்குகளைக் கலந்து வைத்திருந்த திட்டங்கள் அவற்றை விற்றுப் பெரிய பங்குகளுக்கு மாற வேண்டியிருந்தது. முந்தைய ஆண்டு அளவுக்கு மீறி ஏறியிருந்த சின்னப் பங்குகளுக்கு இதுவும் ஓர் அடி.

எண்ணிக்கை, ஏற்றம் குறுகிவிட்டது என்று சொல்லும். எந்தப் பக்கம் குறுகியது, அதற்குப் பின்னால் இருப்பது தைரியமா பயமா என்பதைச் சொல்ல துறைகளைப் பார்க்க வேண்டும்.

ஒரு துறையின் வலுவை அளக்க அந்தத் துறைக் குறியீட்டை நிஃப்டியால் வகுத்தால் போதும். 2018-இன் தொடக்கத்தில் எல்லாவற்றையும் 100 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் நிஃப்டி 103. ஐ.டி. துறைக் குறியீடு ஏறத்தாழ 124. வகுத்தால் 1.20. அதாவது ஐ.டி. சந்தையைவிட 20 சதவீதம் முந்தியிருக்கிறது. வாகனத் துறைக் குறியீடு ஏறத்தாழ 77-க்கு இறங்கியது, வகுத்தால் 0.75. ரியல் எஸ்டேட் ஏறத்தாழ 67, வகுத்தால் 0.65. சோப்பு, பிஸ்கட், பற்பசை விற்கும் எஃப்.எம்.சி.ஜி. துறை 114, வகுத்தால் 1.11.

இந்த நான்கு எண்களில் ஒரு கதை இருக்கிறது. ஐ.டி. நிறுவனங்கள் டாலரில் சம்பாதிப்பவை. 2018 ஜனவரியில் 64 ரூபாய்க்கும் கீழே இருந்த டாலர் ஆகஸ்டில் 70 ரூபாயைத் தாண்டி, அக்டோபரில் 74-ஐ எட்டியது. ரூபாய் வீழ்ந்தால் அவர்களுக்கு லாபம். சோப்பும் பற்பசையும் நல்ல காலத்திலும் கெட்ட காலத்திலும் விற்கும். இந்த இரண்டு துறைகளிலும் பணம் குவிகிறது என்றால், முதலீட்டாளர்கள் உள்நாட்டு வளர்ச்சியை நம்பாமல் பாதுகாப்பான இடம் தேடுகிறார்கள் என்று அர்த்தம். கடன் வாங்கி வாங்கும் பொருட்கள் கார், லாரி, வீடு. அந்தத் துறைகளிலிருந்துதான் பணம் வெளியேறியது.

சந்தையின் இந்தச் சந்தேகம் வீண்போகவில்லை. செப்டம்பரில் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். குழுமம் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் தடுமாறியது. செப்டம்பர் 21 அன்று வீட்டுக்கடன் நிறுவனமான டி.எச்.எஃப்.எல். பங்கு ஒரே நாளில் 40 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்குப் பணம் கிடைப்பது சிரமமானது; அவற்றிடம் கடன் வாங்கி வண்டி வாங்கியவர்கள் நின்றுபோனார்கள். அக்டோபர் 26 அன்று நிஃப்டி 10,030-இல் முடிந்தது. ஆகஸ்ட் உச்சத்திலிருந்து இரண்டே மாதத்தில் 14 சதவீதத்துக்கும் மேல் சரிவு. அடுத்த ஆண்டு வாகன விற்பனை படுத்தது. 2019 செப்டம்பரில் அசோக் லேலண்ட் எண்ணூர், ஓசூர் ஆலைகளில் உற்பத்தியில்லா நாட்களை அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. தொழிற்சாலை வாசலில் அறிவிப்பு ஒட்டுவதற்கு ஒரு வருடம் முன்பே வாகனத் துறைக் குறியீடு அந்தச் செய்தியைச் சொல்லத் தொடங்கியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஒரு துறை ஏறி இன்னொன்று இறங்குவதெல்லாம் ஆபத்தின் அறிகுறி ஆகிவிடாது. ஆரோக்கியமான ஏற்றத்திலும் தலைமை மாறிக்கொண்டேதான் இருக்கும். அதைத்தான் துறைச் சுழற்சி, செக்டார் ரொட்டேஷன் என்கிறார்கள். கொரோனா வீழ்ச்சிக்குப் பிறகு வந்த ஏற்றம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 7,610-இல் முடிந்தது. அங்கிருந்து தொடங்கிய மீட்சியை முதலில் இழுத்தவை மருந்தும் ஐ.டி.யும். அந்த ஆண்டு முழுவதற்கும் மருந்துத் துறைக் குறியீடு ஏறத்தாழ 60 சதவீதம், ஐ.டி. ஏறத்தாழ 55 சதவீதம் ஏறின. வங்கிகள் பின்தங்கின, கடன் தவணைகள் நின்றுபோன காலம் அது, யாருக்கும் துணிவு வரவில்லை. இதுவரை பார்த்தால் 2018 போலவே தோன்றும்: பாதுகாப்பான துறைகளில் மட்டும் ஏற்றம்.

வித்தியாசம் நவம்பரில் தெரிந்தது. ஃபைசர் நிறுவனம் தன் தடுப்பூசி நன்றாக வேலை செய்கிறது என்று நவம்பர் 9 அன்று அறிவித்தது. அந்த ஒரு மாதத்தில் பேங்க் நிஃப்டி ஏறத்தாழ 24 சதவீதம் ஏறியது. நிஃப்டி 11 சதவீதம். பின்தங்கிய துறைக்குப் பணம் வந்தது. அதே சமயம் முன்னால் ஓடிய துறைகள் கவிழ்ந்துவிடவில்லை. 2021-இல் உலோகத் துறை ஏறத்தாழ 70 சதவீதம் ஏறித் தலைமையை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு நிஃப்டி 24 சதவீதம், மிட்கேப் 100 ஏறத்தாழ 46 சதவீதம், ஸ்மால்கேப் 100 ஏறத்தாழ 59 சதவீதம். 2018 வரிசையை அப்படியே தலைகீழாகப் புரட்டிப் போட்ட மாதிரி. 2022-இல் ஐ.டி. நான்கில் ஒரு பங்குக்கும் மேல் இழந்தது. பொதுத்துறை வங்கிகள் 70 சதவீதம் ஏறின. நிஃப்டி அந்த ஆண்டையும் லாபத்தில்தான் முடித்தது. ஒரு துறை ஓய்வெடுத்தால் தோள் கொடுக்க இன்னொன்று தயாராக இருந்தது.

ஆக, பார்க்க வேண்டியது இது. தலைமை மாறும்போது புதிதாகத் துறைகள் சேர்கின்றனவா, இருப்பவை ஒவ்வொன்றாக விலகுகின்றனவா? சேர்ந்தால் ஏற்ற இறக்கக் கோடு மேலே போகும், ஸ்மால்கேப் குறியீடு நிஃப்டிக்கு ஈடுகொடுக்கும். விலகினால் கடைசியில் ஐ.டி., எஃப்.எம்.சி.ஜி., ஒன்றிரண்டு பெரும் நிறுவனங்கள் என்று பட்டியல் சுருங்கும். இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழு விவரம் கிடைக்கும்.

இந்தக் கணக்குகளுக்கு எல்லைகள் உண்டு. அவற்றை மறைத்துவிட்டு இதை மந்திரக்கோல் போல விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முதல் எல்லை, காலம். அமெரிக்காவில் நியூயார்க் பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கக் கோடு 1998 ஏப்ரலிலேயே உச்சம் தொட்டுத் திரும்பிவிட்டது. எஸ் அண்ட் பி 500 குறியீடு உச்சம் தொட்டது 2000 மார்ச் 24 அன்று. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு இடைவெளி. எச்சரிக்கை சரியானதுதான், பின்னால் வந்த தொழில்நுட்பப் பங்குகளின் வீழ்ச்சி உலகறிந்தது. ஆனால் கோடு திரும்பியதும் எல்லாவற்றையும் விற்றவர், குறியீடு மேலும் மூன்றில் ஒரு பங்கு ஏறியதை வெளியே நின்று பார்க்க நேர்ந்தது. குறுகிய ஏற்றம் நீண்ட காலம் நீடிக்கலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது. சில நேரம் அது மறுபடி விரிவடைந்தும் விடுகிறது. 2023-இல் அமெரிக்க ஏற்றம் ஏழு பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் கையில் இருந்தது. அந்த ஆண்டு எஸ் அண்ட் பி 500 ஏறத்தாழ 24 சதவீதம் ஏறியபோது, எல்லாப் பங்குக்கும் சம எடை தரும் அதன் இன்னொரு வடிவம் அதில் பாதிதான் ஏறியது. அப்போது பலர் வீழ்ச்சியை எதிர்பார்த்தார்கள். ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களில் ஏற்றம் மற்ற பங்குகளுக்கும் பரவியது.

இரண்டாவது எல்லை, எண்ணிக்கையின் தரம். ஐந்து பைசா ஏறிய பங்கும் பத்து சதவீதம் ஏறிய பங்கும் இங்கே ஒன்றுதான். மும்பைப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட ஆயிரக்கணக்கான பங்குகளில் பல, நாளுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குக்கூடக் கைமாறாதவை. சிலர் கூடி விலையை ஏற்றி இறக்கும் பங்குகளும் அதில் உண்டு. அதனால் அனுபவசாலிகள் எல்லாப் பங்குகளையும் எண்ணுவதோடு, நிஃப்டி 500 பட்டியலை மட்டும் தனியாகவும் எண்ணுகிறார்கள். அந்தப் பட்டியலில் எத்தனை பங்குகள் தங்கள் 200 நாள் சராசரி விலைக்கு மேலே இருக்கின்றன என்று பார்ப்பது இன்னும் நம்பகமானது. குறியீடு உச்சத்தில் இருக்கும்போது இந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இருந்தால் உள்ளே பலவீனம் இருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

இதற்கெல்லாம் விலை உயர்ந்த மென்பொருள் தேவையில்லை. தேசியப் பங்குச் சந்தையின் இணையதளத்தில் தினமும் மாலையில் ஏறிய, இறங்கிய பங்குகளின் எண்ணிக்கை கிடைக்கிறது. துறைக் குறியீடுகளும் கிடைக்கின்றன. நிஃப்டியின் 50 பங்குகளுக்கும் தலா 2 சதவீத எடை தரும் நிஃப்டி 50 ஈக்வல் வெயிட் என்ற குறியீடும் அங்கேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் நான்கு எண்களைக் குறித்துக்கொண்டால் போதும்: நிஃப்டி, ஈக்வல் வெயிட் குறியீடு, ஸ்மால்கேப் 100, அந்த வாரத்தின் ஏற்ற இறக்க மிச்சம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை துறைக் குறியீடுகளை நிஃப்டியால் வகுத்து, முதல் மூன்று இடத்திலும் கடைசி மூன்று இடத்திலும் இருப்பவற்றை எழுதி வைக்கலாம். முதல் மூன்றில் வங்கி, வாகனம், உலோகம் போன்றவை வந்தால் சந்தை வளர்ச்சியை நம்புகிறது. மருந்து, எஃப்.எம்.சி.ஜி., ஐ.டி. மட்டுமே தங்கிவிட்டால் அது பதுங்குகிறது.

இந்தக் கணக்கு யாரையும் உடனே விற்கவோ வாங்கவோ சொல்வதில்லை. நிஃப்டி உச்சம் என்ற செய்தியை நம்பி, ஏற்கெனவே சரிந்துகொண்டிருக்கும் ஸ்மால்கேப் பங்குகளில் புதிதாகப் பணம் போடப் போகிறவரை ஒரு நிமிடம் நிறுத்தி யோசிக்க வைக்கும், அவ்வளவே. 2018-இல் அப்படி நிறுத்துவதற்கு ஆளில்லாமல் போனவர்கள் ஏராளம். நிஃப்டி 2019 டிசம்பரில் 12,270-ஐத் தாண்டிப் புதிய உச்சத்தில் நின்றபோதும் ஸ்மால்கேப் 100 அந்த ஆண்டையும் நஷ்டத்திலேயே முடித்தது. 2018 ஜனவரியில் தொட்ட உயரத்தை அந்தக் குறியீடு மறுபடி எட்ட 2021-இன் நடுப்பகுதி வரை ஆனது.